யூனிட் நேராகும், ரூபாய் நேராகாது

மின்கட்டணம் வழக்கத்தைப்போல மூன்று மடங்கு வந்திருக்கிறது என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் போய் நிற்பவருக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் ஒன்று உண்டு. "ரீடிங் தப்பா ஏறியிருக்கும் சார். இப்போதைக்குக் கட்டிடுங்க, அடுத்த பில்லுல தானா சரியாயிடும்." சொல்பவருக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை. மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, இன்று கூடுதலாக எழுதிய யூனிட் அடுத்த முறை குறைவாக வந்து ஈடுகட்டிவிடும் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். யூனிட்டைப் பொறுத்தவரை அது சரி. ரூபாயைப் பொறுத்தவரை தவறு. கூடுதலாகக் கட்டிய பணம் எப்படித் திரும்பும் என்ற கேள்வியில் தமிழ்நாட்டு மின்நுகர்வோர் பலர் ஏமாந்துபோகும் இடம் இதுதான். அதனால் இந்த ஒரு பதிலை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு வீட்டு இணைப்பை எடுத்துக்கொள்வோம். காலம் 2023 மார்ச். அப்போது வீடுகளுக்கு 2022 செப்டம்பர் 10 முதல் அமலான கட்டணம் நடப்பில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டாதவர்களுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஒரே ஒரு யூனிட் 500ஐத் தாண்டினாலும் 2.25 ரூபாய்ப் படி காணாமல் போய்விடும். 101 முதல் 400 வரை முழுவதும் 4.50 ஆகி, 501 முதல் 600 வரை 8 ரூபாய், 601 முதல் 800 வரை 9 ரூபாய் என்று ஏறும்.

இந்த வீட்டில் முந்தைய ரீடிங் 24,310. மார்ச் 6ஆம் தேதி மீட்டர் காட்டியது 24,690. கணக்கீட்டாளர் பதிவு செய்ததோ 24,960. நடுவில் இருந்த 6ஐயும் 9ஐயும் இடம் மாற்றிவிட்டார். வெயிலில் நூறு வீட்டுக்குமேல் ஏறி இறங்குபவருக்கு நடக்கக்கூடியதுதான். உண்மையில் ஓடியது 380 யூனிட், பில்லில் வந்தது 650. 380 யூனிட்டுக்கு வரவேண்டியது 1,035 ரூபாய். 650 யூனிட்டுக்கு வந்தது 3,200 ரூபாய். வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மார்ச் 18 அன்று கட்டிவிட்டார். கூடுதல் 2,165 ரூபாய்.

இனி "தானாகச் சரியாகும்" வழியில் போவோம். மே மாதம் மீட்டர் 25,050 காட்டுகிறது. உண்மையில் ஓடியது 360 யூனிட், அதற்குரிய கட்டணம் 945 ரூபாய். ஆனால் கணினியில் தொடக்க ரீடிங்காக நிற்பது தவறான 24,960. ஆகவே 90 யூனிட் என்று வரும். அது இலவச நூறுக்குள் அடங்கிவிடுவதால் பில் பூஜ்யம். வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. அலுவலகத்தில் சொன்னது பலித்துவிட்டது. இரண்டு சுற்றையும் கூட்டினால் 740 யூனிட், மீட்டரோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் இந்த 740 யூனிட்டுக்கு அவர் கட்டவேண்டியது 1,035 + 945 = 1,980 ரூபாய். கட்டியது 3,200. வித்தியாசம் 1,220 ரூபாய், யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது.

காரணம் படிநிலைக் கட்டணம். முதல் சுற்றில் 500ஐத் தாண்டவைத்ததால் 2.25 ரூபாய்ச் சலுகை போனது. உயரத்தில் உள்ள 8 ரூபாய், 9 ரூபாய்ப் படிகளில் யூனிட் விழுந்தது. இரண்டாம் சுற்றில் மலிவான படிகள் காலியாகக் கிடந்தன, இலவச நூறிலேயே பத்து யூனிட் வீணானது. யூனிட்டுக்கு ஒரே விலை இருக்கும் ஊரில் "தானாகச் சரியாகும்" என்பது முழு உண்மை. நம் ஊரில் அது பாதி உண்மை, அந்தப் பாதியும் நுகர்வோருக்கு எதிரான பாதி.

ஆகவே திருத்தம் என்பதைச் சரியான வரிசையில் செய்ய வேண்டும். தவறான சுற்றின் ரீடிங்கை முதலில் திருத்தி, அந்தச் சுற்றுக்குரிய கட்டணத்தை அந்தச் சுற்றின் படிநிலைகளிலேயே மறுபடி போட்டு, கட்டிய ரூபாயிலிருந்து அதைக் கழித்து, மீதியை ரூபாயாக வரவு வைக்க வேண்டும். யூனிட்டை அடுத்த சுற்றுக்குத் தள்ளக் கூடாது.

சட்டமும் ரூபாயைத்தான் பேசுகிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004இல் கொண்டுவந்த மின் வழங்கல் விதித்தொகுப்பில், பில் தவறுகளுக்கென்றே 12ஆவது விதி இருக்கிறது. கூடுதலாக வசூலித்த தொகையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். வட்டி விகிதம், நாம் கட்டியிருக்கும் காப்பு வைப்புத்தொகைக்கு என்ன வட்டியோ அதே. கூடுதல் பணம் கட்டிய நாளிலிருந்து வட்டி ஓடும். தவறு கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து அல்ல. தவறு தெரியவந்ததற்கு அடுத்த மாதம் காசோலையாகத் தரலாம், அல்லது வரப்போகும் இரண்டு கணக்கெடுப்புகள் வரை கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். எது என்பதைத் தேர்ந்தெடுப்பவர் நுகர்வோர். இரண்டு கணக்கெடுப்பிலும் கழித்த பிறகு மிச்சம் இருந்தால் அதைக் காசோலையாகக் கொடுத்துவிட வேண்டும். இதற்கெல்லாம் மேலே 2003 மின்சாரச் சட்டத்தின் 62ஆவது பிரிவு, நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கியதை வட்டியோடு திரும்பப் பெறும் உரிமையைப் பொதுவாகவே தருகிறது.

இந்த விதியில் பலர் கவனிக்காதது இரண்டு. தேர்வு நுகர்வோருடையது என்பது ஒன்று. நடைமுறையில் கேட்காமலேயே "அட்ஜஸ்ட் பண்ணிடுறோம்" என்று முடித்துவிடுகிறார்கள். அலுவலகத்துக்கு அது எளிது, காசோலை என்றால் ஒப்புதல் கையெழுத்துகள் கூடும். பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும் என்பதும் உண்மைதான். ஆனால் கேட்டுவிட்டுச் செய்வது வேறு, கேட்காமல் செய்வது வேறு. இன்னொன்று, கழிப்புக்கு ஒரு முடிவு உண்டு. இரண்டு சுற்று, அவ்வளவுதான். ஓர் ஆண்டு முழுக்க வரவைச் சிறுகச் சிறுகக் கழித்துக்கொண்டே போவதை விதி அனுமதிக்கவில்லை.

நம் வீட்டுக்காரருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஏப்ரல் 10 அன்று தவறு உறுதியானது என்று கொள்வோம். வரவு 2,165. மே பில், திருத்திய தொடக்க ரீடிங்கான 24,690இலிருந்து கணக்கிட்டு 945 வரும். அது முழுவதும் வரவில் கழிந்து 1,220 மிஞ்சும். ஜூலையில் 340 யூனிட் ஓடியது என்றால் பில் 855. அதையும் கழித்தால் மிச்சம் 365. இத்தோடு இரண்டு சுற்று முடிந்தது. 365 ரூபாயும் அதுவரையிலான வட்டியும் காசோலையாக வர வேண்டும். வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், குறைந்துகொண்டே வரும் தொகைக்கு மொத்தம் முப்பது ரூபாய் சொச்சம்தான். தொகை அற்பமாகத் தெரியலாம். ஒரு கடைக்கோ சிறு பட்டறைக்கோ பில் பல ஆயிரங்களில் தவறிப்போய், ஓராண்டு கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டால் இதே வட்டி பேசத்தக்க தொகையாகிவிடும்.

மே மாதம் "தானாகச் சரியான" வீட்டுக்காரரும் பூஜ்ய பில்தான் பார்த்தார், முறையாகத் திருத்தப்பட்ட வீட்டுக்காரரும் பூஜ்ய பில்தான் பார்க்கிறார். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று. பின்னவரின் கணக்கில் மட்டும் 1,220 ரூபாய் வரவு நிற்கிறது. வெறும் பூஜ்யத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல், பில்லில் தொடக்க ரீடிங் மாறியிருக்கிறதா, வரவுத் தொகை ரூபாயில் காட்டப்பட்டிருக்கிறதா என்று இரண்டையும் பார்த்தால்தான் எது நடந்திருக்கிறது என்று தெரியும்.

அலுவலகப் பக்கத்திலிருந்து பார்த்தால், இதை நுகர்வோருக்கு எடுத்துச் சொல்வதுதான் மிகவும் அரைகுறையாக நடக்கிறது. வாய்மொழியாக "சரி பண்ணியாச்சு" என்று ஒரு வார்த்தை. எது சரியானது, எவ்வளவு, எப்போது தெரியும் என்று எதுவும் இல்லை. அடுத்த பில்லில் கழித்தல் குறியோடு ஒரு தொகையைப் பார்த்ததும், நிலுவை வைத்திருக்கிறோம் போலிருக்கிறது என்று பயந்து மறுபடி கட்டிவிடுபவரும் இருப்பார். ஒரு பக்கக் கடிதம் போதும். இப்படி எழுதலாம்:

"அன்புடையீர், உங்கள் மின் இணைப்புக்கு 6.3.2023 அன்று எடுத்த ரீடிங் 24,690. அது 24,960 என்று தவறாகப் பதிவாகிவிட்டது. தவறு எங்களுடையது. இதனால் 380 யூனிட்டுக்குப் பதில் 650 யூனிட்டுக்குப் பில் வந்தது. சரியான கட்டணம் 1,035 ரூபாய், நீங்கள் 18.3.2023 அன்று கட்டியது 3,200 ரூபாய். கூடுதலாகக் கட்டிய 2,165 ரூபாய்க்கு, கட்டிய நாள் முதல் வட்டி சேரும். இதைக் காசோலையாகப் பெறலாம், அல்லது மே, ஜூலை பில்களில் கழித்துக்கொள்ளலாம். எது வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கழிக்கச் சொன்னால், மே பில்லில் தொடக்க ரீடிங் 24,690 என்று இருக்கும், கட்ட வேண்டிய தொகை இருக்காது, மீதி வரவு கழித்தல் குறியுடன் தெரியும். அது நீங்கள் தர வேண்டியதல்ல, நாங்கள் தர வேண்டியது. ஜூலை பில்லுக்குப் பிறகும் மீதி இருந்தால் காசோலையாக அனுப்புவோம்."

இந்தக் கடிதத்தில் மன்னிப்பு வாசகங்கள் குறைவு, எண்கள் அதிகம். அது வேண்டுமென்றுதான். பணம் போன ஒருவருக்கு முதலில் வேண்டியது, தன் கணக்கை அலுவலகம் புரிந்துகொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை. "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மூன்று வரி எழுதிவிட்டுத் தொகையைச் சொல்லாமல் விட்ட கடிதம் சண்டையைத்தான் வளர்க்கும். கழித்தல் குறி பற்றிய வரி மிகவும் முக்கியம். அதை விட்டால் அடுத்த பில் வந்த அன்றே அதே நுகர்வோர் மறுபடி வரிசையில் நிற்பார்.

இனி நுகர்வோர் பக்கம். பில் கூடிவிட்டது என்பது மட்டும் தவறுக்குச் சான்று ஆகாது. ஏப்ரல், மே மாதங்களில் ஏசி ஓடினால் பில் ஏறத்தான் செய்யும். முதலில் பில்லில் உள்ள இறுதி ரீடிங்கை மீட்டரோடு ஒப்பிட வேண்டும். இன்றைய மீட்டர் எண், பில்லில் உள்ள எண்ணைவிடக் குறைவாக இருந்தால் வேறு சான்றே வேண்டாம். மீட்டர் பின்னோக்கி ஓடாது. ஆனால் இதற்கு ஒரு கெடு உண்டு. நம் வீட்டில் நாளுக்குச் சுமார் 6 யூனிட் ஓடுகிறது. தவறாக ஏற்றியது 270 யூனிட். ஏறத்தாழ 45 நாளில் மீட்டர் அந்த 24,960ஐ எட்டிவிடும். அதன் பிறகு போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே பில் வந்த வாரத்திலேயே மீட்டரைத் தேதியோடு படம் எடுத்துவைப்பது, பின்னால் எழுதும் பத்துக் கடிதங்களைவிடப் பயன்படும். இப்போதுள்ள மின்னணு மீட்டர்களின் திரை பல எண்களை மாறி மாறிக் காட்டும். படத்தில் kWh என்ற குறியோடு உள்ள எண் வர வேண்டும். வேறு குறி உள்ள எண்ணை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டால் நம் பக்கம்தான் தோற்கும்.

கெடு கடந்துவிட்டாலும் வழி இல்லாமல் இல்லை. அடுத்தடுத்த சுற்றுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால், 370, 380 என்று போய்க்கொண்டிருந்த வீட்டில் ஒரு சுற்று 650ஆகவும் அடுத்தது 90ஆகவும் வந்திருப்பது தெரியும். ஏறிய அளவும் இறங்கிய அளவும் ஒன்றை ஒன்று ஈடுகட்டினால் அது ரீடிங் தவறு. ஏறியது அப்படியே நிலைத்துவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும்: மீட்டர் வேகமாக ஓடுகிறதோ, வீட்டுக்குள் எங்காவது மின்கசிவோ, பக்கத்து வீட்டு வயர் நம் மீட்டரில் இருக்கிறதோ. இவை வேறு வகை. மீட்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், பழுது என்று உறுதியானால் முந்தைய நான்கு மாதச் சராசரியைக் கொண்டு பழுதான காலத்துக்கான யூனிட்டைத் தீர்மானிப்பார்கள். இங்கே கூடுதல் எவ்வளவு என்பதே ஓர் ஊகம்தான். ரீடிங் தவறில் அப்படி இல்லை, பைசா வரை கணக்கு உண்டு.

யூனிட்டா ரூபாயா என்ற இந்தச் சண்டை ஒருமுறை மாநிலம் முழுக்க நடந்தது. 2020 ஊரடங்கில் கணக்கெடுக்க ஆள் வர முடியாததால், முந்தைய பில் தொகையையே கட்டும்படி மின்வாரியம் சொன்னது. பிறகு ரீடிங் எடுத்தபோது நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியாகப் படிநிலைச் சலுகை கொடுத்து, ஏற்கெனவே கட்டிய ரூபாயைக் கழித்தார்கள். கட்டிய பணத்தைக் கழிப்பதற்குப் பதில் அந்தப் பணத்துக்குரிய யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்று சிலர் வாதிட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் வாரியத்தின் முறையை ஏற்று மனுவைத் தள்ளுபடி செய்தது. வாரியம் செய்தது அடிப்படையில் சரி என்றே நினைக்கிறேன்: சுற்றைப் பிரித்து, விலை போட்டு, ரூபாயைக் கழிப்பதுதான் முறை. சரிபாதியாகப் பிரித்ததில் மட்டும் ஒரு கீறல் உண்டு. ஒரு சுற்றில் 500க்குக் கீழேயும் அடுத்ததில் மேலேயும் ஓடிய வீட்டுக்கு, சராசரி 500ஐத் தாண்டிவிட்டால் இரண்டு சுற்றுமே உயர் படிக்குப் போய்விடும். ரீடிங்கே இல்லாத இடத்தில் வேறு எப்படிப் பிரித்திருக்க முடியும் என்பதும் நியாயமான கேள்விதான். வாரியம் குறைந்தது இந்தக் கணக்கை ஒவ்வொரு பில்லிலும் நான்கு வரியில் அச்சிட்டிருந்தால் பாதிக் கோபம் அடங்கியிருக்கும்.

பணம் கூடுதலாகப் போக இன்னொரு வழி, இரண்டு முறை கட்டுவது. மகன் வெளியூரிலிருந்து செல்போனில் கட்டுகிறான், அதே நாளில் அப்பா கவுன்ட்டரில் கட்டிவிடுகிறார். இதில் விலை மறுபடி போடத் தேவையில்லை. பில் சரி, பணம்தான் இருமுறை. இரண்டாவது தொகை முன்பணமாக இணைப்பின் கணக்கில் நிற்கும், அடுத்த பில்லில் கழியும். கவனிக்க வேண்டியது, இரண்டும் உண்மையிலேயே வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது. வங்கிக் கணக்கில் பணம் குறைந்து, வாரிய ரசீது வராமல் இருந்தால் அந்தப் பணம் வாரியத்திடம் இல்லை. பிரிவு அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யுபிஐயில் இப்படிச் சிக்கிய தொகை, பரிவர்த்தனை நாள் போக ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதைத் தர வேண்டியது வங்கித் தரப்பு.

வாடகை வீடுகளில்தான் இந்த ஏற்பாடு உண்மையாகவே சிக்கலாகிறது. கூடுதலாகக் கட்டியவர் குடியிருப்பவர். வரவு நிற்பதோ இணைப்பின் பேரில், அதாவது வீட்டு உரிமையாளர் பேரில். காசோலை கேட்டாலும் அவர் பேருக்குத்தான் வரும். மார்ச்சில் 3,200 கட்டிவிட்டு ஏப்ரலில் வீட்டைக் காலி செய்பவருக்கு, மே பில்லில் கழித்தால் பயன் அடுத்துக் குடிவருபவருக்குப் போகும். விதியில் இதற்கு இடம் இல்லை. காலி செய்யும் முன் அன்றைய ரீடிங்கையும், வாரியம் எழுதிக் கொடுத்த வரவுத் தொகையையும் உரிமையாளரிடம் காட்டி, அட்வான்ஸைத் திருப்பி வாங்கும்போதே அந்த 2,165 ரூபாயையும் சேர்த்து வாங்கிக்கொள்வதுதான் நடக்கக்கூடிய வழி. எழுத்தில் ஒன்றும் இல்லாமல் "சரி பண்ணிட்டாங்களாம்" என்று சொன்னால் எந்த உரிமையாளரும் தர மாட்டார்.

எழுத்தில் வாங்குவது எப்படி? பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் பேருக்கு மனு எழுதி, பில், கட்டிய ரசீது, மீட்டர் படம், வெள்ளை அட்டை இருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் இணைத்து, நம் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். மனுவில் மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்கலாம்: குறிப்பிட்ட சுற்றின் ரீடிங்கைத் திருத்தி அதே சுற்றுக்குக் கட்டணத்தை மறுபடி போடவும், கட்டிய நாளிலிருந்து வட்டி சேர்க்கவும், காசோலை அல்லது கழிப்பு என்ற என் விருப்பம் இது. ஆள் அனுப்பி மீட்டரைப் பார்த்துவிட்டு, கணக்கைத் திருத்துவது வருவாய்ப் பிரிவில் நடக்கும். மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். புகார் எண் கிடைக்கும், ஆனால் ரசீதும் படமும் உள்ள மனுவுக்கு அது மாற்று ஆகாது.

பதில் வரவில்லை என்றாலோ, "அடுத்த ரீடிங்கில் சரியாகும்" என்பதே பதிலாக வந்தாலோ, அடுத்த படி ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் உள்ள மின் நுகர்வோர் குறைதீர் மன்றம். அதன் தலைவர் அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். வாரிய அதிகாரியே தலைவர் என்பதால் பலர் அங்கே போகத் தயங்குகிறார்கள். ரீடிங் தவறு போன்ற எண் கணக்கில் அந்தத் தயக்கம் தேவையில்லை; கணக்கு மேசையில் இருந்தால் மறுக்க இடம் குறைவு. அங்கும் சரிவராவிட்டால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். எந்தப் படியிலும் எடுத்துப் போக வேண்டியது ஒரே தாள்: ஒவ்வொரு சுற்றுக்கும் உண்மை ரீடிங், அதற்குரிய யூனிட், அன்றைய படிநிலையில் அதற்குரிய ரூபாய், கட்டிய ரூபாய். நம் வீட்டுக்காரர் மே பில்லும் வந்த பிறகுதான் விழித்துக்கொண்டார் என்றாலும், அந்தத் தாளின் கடைசி வரியில் 1,220 என்று நிற்கும், அதைக் கேட்டு வாங்கலாம்.